மரியன்னை வணக்கம்

மரியன்னை வணக்கம் அல்லது மாதா பக்தி என்பது, இயேசு கிறித்துவின் தாயாகிய கன்னி மரியாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையினர் செலுத்தும் சிறப்பு வணக்கத்தையும், அவரது பரிந்துரையை நாடிச் செய்யப்படும் செபங்கள், திருவிழாக்கள், திருப்பயணங்கள் ஆகியவற்றையும் குறிக்கும். கிழக்கு மரபுவழித் திருச்சபைகளிலும் இவ்வணக்கம் தொன்றுதொட்டு உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய சீர்திருத்தத் திருச்சபைகளுள் பெரும்பாலானவை மரியாவை மதிப்புக்குரியவராகக் கருதினாலும், அவரிடம் வேண்டுதல் செய்வதை ஏற்பதில்லை. இக்கருத்து வேறுபாடு எங்கு தொடங்குகிறது என்பதும், திருத்தலங்களில் மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதும் தமிழ்நாட்டின் வேளாங்கண்ணித் திருத்தலத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்கப்படுகின்றன.

பெயர் வழக்கு

தமிழ்க் கிறித்தவரிடையே இவ்வேறுபாடு சொற்களிலேயே தெரியும். கத்தோலிக்கர் மாதா, மரியன்னை, தேவமாதா, அன்னை மரியா எனக் குறிப்பிடுகின்றனர். சீர்திருத்தச் சபையினர் பொதுவாக மரியாள் என்றே குறிப்பிடுவர். முன்னவர் செபம் என்பதைப் பின்னவர் ஜெபம் என்பர். ஒருவர் பேசும் இரண்டு வாக்கியங்களைக் கேட்டே அவர் எச்சபையைச் சேர்ந்தவர் என்று பெரும்பாலும் கண்டுகொள்ள இயலும்.

வணக்கமும் ஆராதனையும்

கத்தோலிக்கப் போதனை மூன்று சொற்களை வேறுபடுத்துகிறது. கடவுளுக்கு மட்டுமே உரியது ஆராதனை. இதன் கிரேக்கச் சொல் லாத்ரியா. புனிதர்களுக்குச் செலுத்தப்படுவது வணக்கம். இது தூலியா எனப்படும். மரியாவுக்கு மற்றப் புனிதர்களினும் மேலான வணக்கம் செலுத்தப்படுவதால் அது ஹைப்பர்தூலியா, அதாவது உயர் வணக்கம் எனப்படும். உயர் வணக்கம் என்பது ஆராதனைக்கு ஒரு படி கீழே உள்ள நிலை அன்று என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். எவ்வளவு உயர்ந்தாலும் அது படைக்கப்பட்ட ஒருவருக்குச் செலுத்தும் மரியாதையே. ஆராதனையோ படைத்தவருக்கு உரியது. இவை இரண்டும் அளவால் அன்றி வகையால் வேறுபட்டவை என்பதே இறையியலாளர்களின் வாதம்.

787இல் கூடிய இரண்டாம் நிக்கேயா பொதுச்சங்கம், திருவுருவங்களுக்குச் செய்யும் மரியாதை அவ்வுருவம் யாரைக் காட்டுகிறதோ அவரைச் சென்றடைகிறது என்றும், உண்மையான ஆராதனை இறைத்தன்மைக்கு மட்டுமே உரியது என்றும் வரையறுத்தது. அதற்கு முன்னரே, 431இல் எபேசு நகரில் கூடிய பொதுச்சங்கம் மரியாவுக்கு இறைவனின் தாய் என்ற பட்டத்தை உறுதி செய்திருந்தது. அப்பட்டம் அடிப்படையில் மரியாவைப் பற்றியதன்று. அவர் பெற்றெடுத்த குழந்தை ஒரே ஆளாக இறைவனும் மனிதனுமாய் இருந்தாரா என்ற வினாவுக்கான விடையே அது. லூத்தர் உள்ளிட்ட சீர்திருத்தவாதிகள் பலரும் இப்பட்டத்தை மறுக்கவில்லை.

ஏட்டில் தெளிவாக இருக்கும் இவ்வேறுபாடு, ஒரு சிலைக்கு முன் முழங்காலிட்டிருக்கும் மனிதரிடமும் தெளிவாக இருக்கிறதா என்பதே சச்சரவின் மையம். முழங்காலிடுதல், மெழுகுதிரி ஏற்றுதல், மலர் சூட்டுதல் ஆகிய வெளிச்செயல்கள் இரண்டுக்கும் பொதுவானவை. வேறுபாடு செய்பவரின் உள்ளத்தில்தான் உள்ளது. பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

பரிந்துரை வேண்டுதல்

மரியாவை நோக்கிய செபங்களுள் மிகுதியாகச் சொல்லப்படுவது அருள் நிறை மந்திரம் எனப்படும் மங்கள வார்த்தைச் செபமாகும். இது இரண்டு பகுதிகளை உடையது. முதற்பகுதி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது: வானதூதர் கபிரியேல் மரியாவுக்குச் சொன்ன வாழ்த்தும், உறவினரான எலிசபெத்து சொன்ன வாழ்த்தும் அதில் இணைந்துள்ளன. இரண்டாம் பகுதி, பாவிகளாகிய தமக்காக இப்போதும் இறக்கும் வேளையிலும் மன்றாடுமாறு மரியாவைக் கேட்கும் விண்ணப்பமாகும். இவ்விண்ணப்பம் நடுக்காலத்தில் மெல்ல உருவாகி, 1568இல் வெளியான உரோமைக் கட்டளைச் செபநூலில் இன்றைய வடிவம் பெற்றது.

முதற்பகுதி விவிலியச் சொற்கள் என்பதால் அதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சச்சரவு முழுவதும் இரண்டாம் பகுதியில் உள்ளது. கத்தோலிக்கர் தரும் விளக்கம் இதுவே: ஒருவர் தம் நண்பரிடம் எனக்காகச் செபியுங்கள் என்று கேட்பது தவறன்று, யாக்கோபின் திருமுகமே அதை ஊக்குவிக்கிறது. இறந்தோர் கிறித்துவில் உயிரோடு இருப்பதாக நம்பும் ஒருவர், அதே வேண்டுகோளை விண்ணகத்தில் உள்ள ஒருவரிடம் வைப்பதில் தடை ஏது? மரியா தாமாக எதையும் அருளுவதில்லை, மகனிடம் எடுத்துச் சொல்கிறார். கானா ஊர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதை அவர் இயேசுவிடம் கூறிய நிகழ்ச்சி இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

இவ்வழக்கம் எவ்வளவு பழைமையானது என்பதற்கு எகிப்தில் கிடைத்த பப்பிரசு ஏடு ஒன்று முதன்மைச் சான்றாகும். மரியாவின் பாதுகாவலை நாடும் கிரேக்கச் செபம் ஒன்று அதில் உள்ளது. சிலர் அதனை 3ஆம் நூற்றாண்டுக்குரியது என்பர். எழுத்தமைதியைக் கொண்டு பல நூற்றாண்டு பிந்தியது என்போரும் உளர். எவ்வாறாயினும் புதிய ஏற்பாட்டில் மரியாவை நோக்கிச் செய்யப்பட்ட செபம் ஒன்றும் இல்லை என்பதைக் கத்தோலிக்க அறிஞரும் ஒப்புக்கொள்கின்றனர்.

வேளாங்கண்ணி

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலோரம் அமைந்துள்ள ஊர் வேளாங்கண்ணி. இங்குள்ள ஆரோக்கிய மாதா ஆலயம் 1962இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானால் பெருங்கோவில் நிலைக்கு உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் ஆகத்து 29 அன்று கொடியேற்றத்துடன் திருவிழா தொடங்கி, மரியாவின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் செப்டம்பர் 8 அன்று நிறைவடைகிறது.

ஆலயத்தின் தோற்றம் குறித்து மூன்று மரபுச் செய்திகள் வழங்குகின்றன. முதலாவது, நாகப்பட்டினத்துச் செல்வர் ஒருவருக்குப் பால் கொண்டுசென்ற சிறுவனைப் பற்றியது. குளக்கரையில் ஓர் ஆலமரத்தடியில் அவன் இளைப்பாறியபோது, கைக்குழந்தையுடன் தோன்றிய பெண் ஒருவர் குழந்தைக்குப் பால் கேட்டார். அவனும் கொடுத்தான். பால் குறைந்ததற்காக மன்னிப்புக் கேட்டுப் பானையைத் திறந்தபோது பால் பொங்கி வழிந்தது என்பர். இரண்டாவது, நடுத்திட்டு என்னும் இடத்தில் மோர் விற்ற, கால் ஊனமுற்ற சிறுவனைப் பற்றியது. அவனிடம் மோர் கேட்ட பெண், தமக்கு ஓர் ஆலயம் கட்டுமாறு நாகப்பட்டினத்துக் கிறித்தவர் ஒருவரிடம் சொல்லப் பணித்தார். எழுந்த அவன் நடந்தான். மூன்றாவது, புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 அன்று இக்கரையில் பாதுகாப்பாக வந்து சேர்ந்து, நன்றியாகக் கூரை வேய்ந்த சிற்றாலயத்தைக் கல் கட்டடமாக மாற்றினர் என்பது. பின்னர் அவர்கள் கொணர்ந்த பீங்கான் தட்டுகள் பலிபீடத்தில் பதிக்கப்பட்டுள்ளன.

இச்செய்திகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாகச் சொல்லப்படினும், வாய்மொழி மரபாகவே வந்துள்ளன. ஆனால் கதைகளின் அமைப்பு கவனத்துக்குரியது. முதல் இரண்டிலும் கேட்பவர் மாதா, கொடுப்பவன் ஏழைச் சிறுவன். அவனிடம் அவர் நம்பிக்கை அறிக்கை எதையும் கேட்கவில்லை. கிறித்தவர் அல்லாத மக்கள் பெருந்தொகையாக இங்கு வருவதற்கு இக்கதைகளின் இயல்பும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

பயணிகள் ஏன் வருகின்றனர்

திருத்தலத்துக்கு வருவோர் அனைவரும் எதையேனும் கேட்க வருகின்றனர் என்பது வெளியிலிருந்து பார்ப்போரின் பொதுவான எண்ணம். ஆனால் பெரும்பகுதியினர் நேர்த்திக்கடனைச் செலுத்த வருபவர்கள். நோய், குழந்தையின்மை, கடன், கடற்பயணம், தேர்வு, வழக்கு போன்ற நெருக்கடியில் ஒருவர் வீட்டிலிருந்தவாறே மாதாவிடம் நேர்ந்துகொள்கிறார். நெருக்கடி நீங்கிய பின், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பயணம் மேற்கொள்கிறார். ஆகவே பயணம் என்பது கதையின் தொடக்கமன்று, அதன் இறுதி. சென்னை போன்ற இடங்களிலிருந்து காவி உடை அணிந்து 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருபவர்களின் புண்ணான பாதங்களை இந்நோக்கில்தான் புரிந்துகொள்ள வேண்டும். அவர்களைப் பொறுத்தவரை அவ்வலி விலை அன்று, நன்றி.

காணிக்கைகளும் இதையே காட்டுகின்றன. கண் நோய் நீங்கியவர் உலோகத்தால் ஆன கண் உருவையும், கால் குணமானவர் கால் உருவையும், குழந்தை பெற்றவர் தொட்டிலையும், வீடு கட்டியவர் சிறு வீட்டையும் படைக்கின்றனர். இவற்றுள் பல ஆலயத்தின் காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. தென்னங்கன்று வழங்குதல், முடி காணிக்கை செலுத்துதல், குழந்தைகளுக்குக் காது குத்துதல், மாதா உருவத்துக்குச் சேலை சாத்துதல் ஆகியனவும் நடைபெறுகின்றன. பெருங்கோவிலிலிருந்து மாதா குளம் வரை மணற்பாதையில் முழங்காலால் நடந்து செல்வோரை எந்நாளும் காணலாம்.

ஆலய நிருவாகத்தினரும் குருக்களும் பயணத்தின் மையமாகக் கருதுவது வேறு. பாவ சங்கீர்த்தனமும் நற்கருணைத் திருப்பலியுமே அவர்கள் பார்வையில் முதன்மையானவை. மாதா அவற்றுக்கு வழிகாட்டுபவர். பயணிகளுள் ஒரு பகுதியினர் இவ்வாறே பயணத்தைக் கழிக்கின்றனர். மற்றொரு பகுதியினர் உருவத்தின் முன் ஒரு நிமிடம் நின்று, மெழுகுதிரி ஏற்றிக் கடற்கரைக்குச் செல்கின்றனர். இவ்விரு வகையினரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள் என்பதால், திருத்தலத்தைப் பற்றிய எந்தப் பொதுக்கூற்றும் பாதி உண்மையாகவே அமைந்துவிடுகிறது.

குணமும் சான்றும்

குணமடைந்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் திருச்சபை புதுமையாக ஏற்பதில்லை. இதற்கான நடைமுறை மிக விரிவாக வகுக்கப்பட்டுள்ள இடம் பிரான்சு நாட்டின் லூர்து நகராகும். 1858இல் பெர்னதெத் சுபீரு என்னும் 14 வயதுச் சிறுமி மாசபியேல் குகையில் 18 முறை காட்சி கண்டதாகக் கூறியதைத் தொடர்ந்து அத்திருத்தலம் எழுந்தது. 1883இல் அங்கு மருத்துவ ஆய்வு அலுவலகம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நோய் கடுமையானதாக இருந்திருக்க வேண்டும். அது முறையாகக் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். குணம் திடீரென்றும் முழுமையாகவும் ஏற்பட்டிருக்க வேண்டும். மருந்தின் விளைவாக இருக்கக்கூடாது. பல ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும். மருத்துவர்கள் சொல்வது இன்றைய மருத்துவ அறிவால் விளக்க இயலவில்லை என்பதை மட்டுமே. அதைப் புதுமை என அறிவிப்பதும் அறிவிக்காமல் விடுவதும் குணமானவரின் மறைமாவட்ட ஆயருடைய பொறுப்பு. பதிவு செய்யப்பட்ட 7,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகளுள் 2025 வரை 72 மட்டுமே இவ்வாறு அறிவிக்கப்பட்டுள்ளன.

திருச்சபை ஏற்ற காட்சிகளையும் கூட நம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கத்தோலிக்கருக்கும் இல்லை. அவை தனி வெளிப்பாடு என வகைப்படுத்தப்படுகின்றன. லூர்துக்கு ஒருமுறையும் செல்லாத, செல்ல விரும்பாத ஒருவர் முழுமையான கத்தோலிக்கராக இருக்க முடியும். இது கத்தோலிக்கரிடையேயே பலர் அறியாத செய்தியாகும்.

பாதுகாப்பு பெற்றதாகக் கூறும் நம்பிக்கையின் சிக்கலை வேளாங்கண்ணியே ஒரு நாளில் எதிர்கொண்டது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறித்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் என்பதால் கூட்டம் மிகுந்திருந்தது. ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்தபோது, பெருங்கோவிலுக்குள் திருப்பலியில் இருந்தோர் தப்பினர். கடற்கரையிலும் அதையொட்டிய கடைத்தெருவிலும் இருந்த நூற்றுக்கணக்கான பயணிகளும் வணிகர்களும் இறந்தனர். தப்பியோருள் பலர் மாதா தங்களைக் காத்தார் என்றனர். இறந்தவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்களே அல்லவா என்ற வினாவுக்கு இந்த விடை போதாது. கத்தோலிக்க இறையியலும் இறந்தோர் பரிந்துரை குறைந்தவர்கள் என்று சொல்வதில்லை. பரிந்துரை என்பது கேட்பதே அன்றி, கேட்டது கிடைக்கும் என்ற உறுதி அன்று என்பதே அதன் நிலை. ஆனால் நன்றி சொல்லும் மனிதர் இந்த நுணுக்கத்தில் நின்று பேசுவதில்லை.

சீர்திருத்தச் சபையினரின் மறுப்பு

மார்ட்டின் லூத்தர் மரியாவை இகழ்ந்தவர் என்ற எண்ணம் தவறானது. 1521இல் அவர் மரியாவின் பாடலுக்கு ஓர் உரை எழுதினார். அதில் மரியாவின் பெருமை அவருடைய தகுதியில் இல்லை, ஒன்றுமில்லாத ஒருவரைக் கடவுள் கண்ணோக்கியதில் உள்ளது என்று விளக்கினார். அவர் எதிர்த்தது திருத்தலங்களை. 1519இல் செருமனியின் இரேகன்சுபர்க் நகரில் யூதர்கள் வெளியேற்றப்பட்டு அவர்களின் தொழுகைக்கூடம் இடிக்கப்பட்டது. இடிப்புப் பணியில் காயமுற்ற தொழிலாளி ஒருவர் பிழைத்ததை மரியாவின் புதுமை என்று கொண்டு, அவ்விடத்திலேயே சிற்றாலயம் எழுப்பப்பட, பெருங்கூட்டம் திரண்டது. அடுத்த ஆண்டே லூத்தர் செருமானியப் பெருமக்களுக்கு எழுதிய நூலில், இரேகன்சுபர்க் உள்ளிட்ட திருப்பயணச் சிற்றாலயங்களைத் தரைமட்டமாக்க வேண்டும் என்றார். அவை பணம் ஈட்டுகின்றன, மக்களைத் தம் பங்கு ஆலயத்திலிருந்தும் குடும்பக் கடமையிலிருந்தும் விலக்குகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு.

1530இல் எழுதப்பட்ட ஆக்சுபர்க் அறிக்கையின் 21ஆம் பிரிவு, புனிதர்களை நினைவுகூரலாம், அவர்களின் நம்பிக்கையைப் பின்பற்றலாம். ஆனால் அவர்களை அழைத்து உதவி கேட்க விவிலியம் கற்பிக்கவில்லை என்று கூறுகிறது. இங்கிலாந்தில் 1538இல் வால்சிங்காம் மாதா திருத்தலம் அழிக்கப்பட்டது.

மறுப்புகளுள் வலிமையானது இணைப்பாளர் பற்றியது. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளர் கிறித்து ஒருவரே என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் சொல்கிறது. கத்தோலிக்கர் இதை மறுப்பதில்லை. நண்பரிடம் செபிக்கக் கேட்பது கிறித்துவின் இடத்தைப் பறிப்பதில்லை என்பர். சீர்திருத்தச் சபையினரின் மறுமொழி சிந்திக்கத்தக்கது. நண்பர் எதிரே நிற்கிறார், அவர் கேட்பது நமக்குத் தெரியும். ஒரே நேரத்தில் பல மொழிகளில் இலட்சக்கணக்கானோர் உள்ளத்தில் கேட்பதை மரியா அறிகிறார் எனில், எங்கும் நிறைந்தவருக்கு உரிய பண்பை அவருக்கு வழங்கியதாகாதா? விண்ணகத்தில் உள்ளோர் கடவுள் அறியச் செய்வதாலேயே அறிகின்றனர் என்பது கத்தோலிக்க விடை. அப்படியானால் ஏற்கெனவே அறிந்த கடவுளிடம் சுற்றி வருவானேன் என்று மறுதரப்பினர் மீண்டும் கேட்பர். இதற்குக் கத்தோலிக்கர், பிறருக்காகச் செபிக்குமாறு மண்ணில் உள்ளோரைக் கேட்பதற்கும் இதே வினா பொருந்தும் என்பர். வாதம் இங்கு ஒரு வட்டமாகிவிடுகிறது.

வட்டத்தை உடைக்க விவிலியச் சான்று தேடினால் வேறொரு சிக்கல் எழுகிறது. இறந்துபோன எரேமியா இறைவாக்கினர் மக்களுக்காக மன்றாடுவதாகக் கூறும் பகுதி மக்கபேயர் இரண்டாம் நூலின் 15ஆம் அதிகாரத்தில் உள்ளது. கத்தோலிக்க விவிலியத்தில் இந்நூல் உண்டு. சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இல்லை. ஆகவே இரு தரப்பினரும் விவிலியத்தைக் காட்டு என்று கேட்கும்போது, அவர்கள் குறிப்பிடுவது ஒரே நூற்றொகுதியை அன்று.

இரண்டாவது மறுப்பு, விவிலியத்தில் வெளிப்படையாக இல்லாதவை நம்பியே ஆக வேண்டிய கோட்பாடுகளாக ஆக்கப்பட்டமை. மரியா கருவிலேயே பாவ மாசின்றித் தோன்றினார் என்பதை ஒன்பதாம் பயஸ் 1854இலும், அவர் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணேற்பு அடைந்தார் என்பதைப் பன்னிரண்டாம் பயஸ் 1950இலும் கோட்பாடாக அறிவித்தனர். மரியாவை மிக மதிக்கும் ஆங்கிலிக்கர்கள் சிலருக்கும் இவ்விரண்டும் தடையாக உள்ளன. அவர்களுள் பலர் விண்ணேற்பை நம்பக்கூடும். நம்பாதவர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்பதையே ஏற்க மாட்டார்கள்.

மூன்றாவது, விகிதம் பற்றியது. செபமாலையில் கர்த்தர் கற்பித்த செபம் ஒருமுறைக்கு மங்கள வார்த்தைச் செபம் பத்து முறை வருகிறது. செபமாலையின் மறையுண்மைகள் பெரும்பாலும் இயேசுவின் வாழ்வைப் பற்றியவை என்றும், உதடு சொல்லுகையில் மனம் அவற்றைச் சிந்திக்கிறது என்றும் கத்தோலிக்கர் விளக்குவர். எண்ணிப் பார்ப்பவருக்கோ பத்துக்கு ஒன்று என்பதே கண்ணில் படும்.

தமிழ் மண்ணில் இச்சச்சரவு

தமிழரிடையே இது நூல்களில் மட்டும் நடந்த வாதம் அன்று. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சிக்கு வந்தபோது, சீர்திருத்தச் சபையினரான அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். மன்னார்ப் பகுதியின் மாந்தையில் இருந்த மாதா திருவுருவத்தை 1670இல் கத்தோலிக்கக் குடும்பங்கள் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் மடுவுக்குச் சென்றன என்பது மடு மாதா திருத்தலத்தின் வரலாறு. உள்நாட்டுப் போரின்போது 2008இலும் அவ்வுருவம் ஆலயத்திலிருந்து வெளியே எடுத்துச் செல்லப்பட்டு, அதே ஆண்டில் திரும்பக் கொண்டுவரப்பட்டது. மடுவுக்குச் செல்லும் கத்தோலிக்கருக்கு அச்சிலை, மறுக்கப்பட்ட நம்பிக்கையைக் காப்பாற்றிய நினைவும் ஆகும்.

தமிழ்நாட்டில் 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததோடு லூத்தரன் சபைப் பணி தொடங்கியது. வேளாங்கண்ணிக்கு வடக்கே அதே கடற்கரையில்தான் தரங்கம்பாடி உள்ளது. சில ஆண்டுகளில் வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடினார். தரங்கம்பாடியாருக்கு எதிராக வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய உரைநடை நூல்களையும் எழுதினார். தமிழ் உரைநடை வளர்ச்சியைப் படிப்போர் இந்நூல்களைக் குறிப்பிடுவர். அவை எதற்காக எழுதப்பட்டன என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் மாதாவுக்கு இட்ட பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் சிவன் கோவில் அம்மனின் பெயரும் பெரியநாயகியே. ஐரோப்பாவில் எழுந்த மறுப்புக்குத் தமிழ்நாட்டில் கூடுதல் வலு சேர்வது இங்குதான். கொடியேற்றம், தேர்ப்பவனி, காவி உடை, மொட்டை, நேர்த்திக்கடன் எல்லாம் அம்மன் வழிபாட்டிலிருந்து பெயர் மட்டும் மாறி வந்தவை என்று சீர்திருத்தச் சபையினர் பலர் கூறுவர். சடங்குகள் இம்மண்ணின் பொதுச்சொத்து, அவற்றின் பொருளை யாரை நோக்கிச் செய்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது என்பது கத்தோலிக்க விடை. முன்னர்ச் சொன்ன வணக்கம், ஆராதனை வேறுபாடு மீண்டும் உள்ளத்தை நோக்கியே திரும்புகிறது.

அண்மைக்கால நிலை

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில் மரியாவைப் பற்றித் தனி ஆவணம் வேண்டுமா என்று 1963 அக்டோபர் 29 அன்று வாக்கெடுக்கப்பட்டது. தனி ஆவணம் வேண்டாம், திருச்சபை பற்றிய ஆவணத்தின் பகுதியாக இருக்கட்டும் என்று 1,114 பேரும், அதற்கு மாறாக 1,074 பேரும் வாக்களித்தனர். மரியாவைத் திருச்சபைக்கு மேலே அன்றி அதனுள் வைத்துப் பேசிய இம்முடிவு, 40 வாக்குகளில் அமைந்தது. 2005இல் ஆங்கிலிக்க, கத்தோலிக்கப் பன்னாட்டு ஆணையம் வெளியிட்ட கூட்டறிக்கை, மரியாவையும் புனிதர்களையும் நமக்காக மன்றாடக் கேட்பது இரு சபைகளையும் பிரிக்கும் காரணம் அன்று என்றது. அவ்வறிக்கையை ஆங்கிலிக்கர் அனைவரும் ஏற்கவில்லை. வால்சிங்காமில் 1931 முதல் ஆங்கிலிக்கருக்கே ஒரு மாதா திருத்தலம் உள்ளது என்பதும் நோக்கத்தக்கது.

2024 ஆகத்து 1 நாளிட்டு வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை தஞ்சாவூர் ஆயருக்கு எழுதிய மடல், வேளாங்கண்ணித் திருப்பயணத்தைப் பாராட்டியது. கிறித்தவர் அல்லாதோர் அங்கு வருவதைச் சமயக் கலப்பாகக் கருதலாகாது என்றும், அருட்சாதனங்களைப் பெற இயலாத அவர்களுக்கும் அன்னையின் ஆறுதல் மறுக்கப்படுவதில்லை என்றும் அது கூறியது. அதே துறை 2025 நவம்பரில் வெளியிட்ட குறிப்பில், மரியாவை இணை மீட்பர் என அழைப்பது பொருத்தமற்றது, மீட்பர் கிறித்து ஒருவரே என்று தெளிவுபடுத்தியது. அப்பட்டத்தைக் கோட்பாடாக்குமாறு பல்லாண்டுகள் கையொப்பம் திரட்டிய கத்தோலிக்கருக்கு இது ஏமாற்றம். சீர்திருத்தச் சபையினரின் முதல் மறுப்பில் ஒரு பாதியை இது ஏற்கிறது. மறு பாதியாகிய, மரியாவிடம் கேட்கலாமா என்ற வினாவை அக்குறிப்பு தொடவில்லை. கேட்கலாம் என்பதே அதன் முன்கோளாக உள்ளது.